பின்கணக்கு மாஸ்டர்

ஊர் உலகத்தில் எல்லாருக்கும் கடிகாரம் முன்னால் போகும். பேக்கரி மாஸ்டருக்கு மட்டும் அது பின்னால் போகும். கப்பலூர் மாதிரி ஊரில் பேக்கரி வைத்திருக்கும் எந்த முதலாளியைக் கேட்டாலும், தன்னிடம் இப்படி ஒருவர் வந்து வாய்த்த கதையைப் பெருமூச்சோடு சொல்வார். ஐம்பதைத் தாண்டிய வயது, முழங்கை வரை பழைய சூட்டுத் தழும்பு, சட்டைப் பையில் மைதா படிந்த ஒரு சிட்டை. நேரம் என்ன என்று கேட்டால் இவர் கைக்கடிகாரத்தைப் பார்க்க மாட்டார். "கடை திறக்க இன்னும் நாலே கால் இருக்கு" என்பார். கேட்டவர்தான் விரலை மடக்கி மணி ஒன்றே முக்கால் என்று கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும்.

கப்பலூரில் கடை திறப்பது என்பது விளையாட்டுக் காரியம் இல்லை. ஒரு பக்கம் சிட்கோ தொழிற்பேட்டை, காலை ஷிப்டுக்குப் போகிறவர்கள். இன்னொரு பக்கம் நாற்கர சாலை, விடிவதற்குள் டீக்கு நிறுத்தும் லாரிகள். ஆறு மணிக்கு ஷட்டர் ஏறும்போது அலமாரியில் பிரட் இல்லை என்றால், ஆறு ஐந்துக்கு வாடிக்கையாளர் பக்கத்துக் கடைக்காரரின் உறவினர் ஆகிவிடுவார். ஆகவே மாஸ்டரின் வேதம் ஆறு மணியில் தொடங்கும். தொடங்கி, பின்னால் நடக்கும்.

புதிதாக வேலைக்குச் சேர்ந்த பையன் கேட்கிற முதல் கேள்வி, "எத்தனை மணிக்கு வரணும் மாஸ்டர்?" அவ்வளவுதான். அவனைப் பெஞ்சில் உட்கார வைத்து ஆரம்பித்துவிடுவார்.

"ஆறு மணிக்குக் கடை. அதுக்குக் கால் மணி முன்னால பாக்கெட் அலமாரியில இருக்கணும். வெட்டிப் பாக்கெட் போட முக்கால் மணி. அப்ப அஞ்சு. சுடச்சுட வெட்டுனா பிரட்டு கத்தியில ஒட்டி நார் நாரா வரும், பாக்கெட்டுக்குள்ள வேர்த்து மறுநாளே பூஞ்சை புடிச்சிரும். ஒன்றரை மணி நேரம் ஆறணும். அப்ப அடுப்ப விட்டு வெளிய வர்றது மூன்றரை. வேக முப்பத்தஞ்சு நிமிஷம், டின்ன உள்ள தள்ளப் பத்து நிமிஷம். இப்ப எங்க நிக்கிறோம்?"

"ரெண்டே முக்கால், மாஸ்டர்."

"அதுதான் அடுப்பு வாசல். மனசுல வச்சுக்க, திரும்ப வருவோம்."

திரும்ப வருவதற்குள் பையனுக்குப் பசி வந்துவிடும். ஏனென்றால் மாவு இன்னும் பின்னால் போகிறது. டின்னுக்குள் கடைசியாகப் பொங்க ஒரு மணி நேரம், அப்படியானால் ஒன்றே முக்கால். நிறுத்து, உருட்டி, கொஞ்சம் அசரவிட்டு, நீட்டிச் சுருட்டி டின்னில் போட முக்கால் மணி, அது ஒரு மணி. பிசைந்த மாவு முதல் தடவை பொங்க ஒன்றேகால் மணி, அது பதினொன்றே முக்கால். மிஷினில் பிசைய இருபது நிமிடம், அதற்கு முன்னால் மைதா, சர்க்கரை, உப்பு, ஈஸ்ட் எடை போடப் பத்து நிமிடம். "பதினொன்னேகால்" என்று மாஸ்டர் சிட்டையில் ஒரு கோடு போடுவார். "ராத்திரி."

பையன் மெதுவாக, "அப்ப எல்லாரும் பதினொன்னேகாலுக்கு வந்துரணுமா?" என்பான். மாஸ்டரின் முகம் இருண்டுபோகும். அந்தக் கேள்வியை ஒருமுறை முதலாளியே உத்தரவாகப் போட்டிருந்தார்.

அதற்கு முன் அடுப்பு வாசலுக்குத் திரும்ப வேண்டும். அந்த ரெண்டே முக்காலிலிருந்து இரண்டு பாதைகள் பின்னால் போகின்றன. ஒன்று மாவினுடையது, நாம் நடந்து முடித்துவிட்டோம். மற்றது நெருப்பினுடையது. செங்கல் கட்டி மேலே வளைவு போட்ட விறகு அடுப்பில் பிரட் நெருப்பில் வேகாது. நெருப்பு செங்கல்லுக்குள் சேர்த்து வைத்த சூட்டில்தான் வேகும். கருவேலங்கட்டையை உள்ளேயே போட்டு இரண்டு மணி நேரம் எரிக்க வேண்டும். எரியத் தொடங்கியதும் வளைவின் உட்பக்கம் கரி பிடித்துக் கறுக்கும். சூடு ஏற ஏற அந்தக் கரியே எரிந்துபோய்ச் செங்கல் வெளுக்கும். கூரை வெளுக்கவில்லை என்றால் அடுப்பு இன்னும் தயாரில்லை. யாரும் தெர்மாமீட்டர் கொண்டுவர வேண்டாம். வெளுத்தபின் கங்கையும் சாம்பலையும் இழுத்துத் தள்ளி, ஈரச் சாக்கைக் கழியில் கட்டித் தரையைத் துடைத்து, கதவை மூடி அரை மணி விட வேண்டும். கங்கு கிடந்த இடம் கொதிக்க, மூலை குளிர்ந்து கிடக்கும். அந்த அரை மணியில்தான் சூடு எங்கும் சமமாகும். அவசரப்பட்டுத் தள்ளினால் நடுவில் இருக்கும் டின் கரியும், ஓரத்து டின் வெளுத்து, அடி ஈரமாகவே வரும்.

கடைசியில் ஒரு சிட்டிகை மைதாவைத் தரையில் விசிறி, வாய்க்குள் எண்ணிக்கொண்டே பார்ப்பார். விழுந்த உடனே கறுத்தால், இன்னொரு ஈரச் சாக்கு. எண்ணி முடித்தும் வெள்ளையாகவே கிடந்தால், விறகுக்காரப் பையனின் வம்சத்தைப் பற்றிய சில கருத்துகள். நிதானமாகப் பொன்னிறம் ஆனால் மாஸ்டர் ஒன்றும் சொல்ல மாட்டார். அதுதான் பாராட்டு.

கணக்குக்கு வருவோம். ரெண்டே முக்காலில் அரை மணி போனால் ரெண்டேகால், இரண்டு மணி போனால் பன்னிரண்டேகால், விறகு அடுக்கக் கால் மணி. அடுப்புக்காரருக்குப் பன்னிரண்டு. வாரலீவு கழிந்த ராத்திரி மட்டும் செங்கல் ஜில்லிட்டுக் கிடக்கும் என்பதால் அவரும் பதினொன்றேகாலுக்கே வந்துவிட வேண்டும்.

பன் மாவுக்காரருக்கோ ஒரு மணி. பிரட் மூன்றரைக்கு வெளியே வந்து, கதவை மூடிக் கால் மணி தரை தேறிய பின்தான் பன்னுக்கு அடுப்பு கிடைக்கும். மூன்றே முக்கால். அதிலிருந்து பொங்கல், உருட்டல், முதல் பொங்கல், பிசைதல் என்று பின்னால் நடந்தால் ஒன்றேகால், அதற்கு முன்னால் எடை போடக் கால் மணி. பன்னுக்குப் பிரட்டைவிடக் குறைந்த சூடு போதும், இறங்குகிற சூட்டிலேயே அது வெந்துவிடும். அதற்கும் பிறகு மிச்சச் சூட்டில் ரஸ்க் காயும். அடுப்புக்கு வாய் ஒன்றுதான், வரிசையில்தான் சோறு.

முதலாளிக்கு இதெல்லாம் ஓரவஞ்சனையாகத் தெரிந்தது. ஒருவர் பதினொன்றேகால், ஒருவர் பன்னிரண்டு, ஒருவர் ஒரு மணி. "என்னய்யா இது, எல்லாருக்கும் ஒரே சம்பளம், ஒரே நேரம்" என்று ஒரு சித்திரை மாதம் சட்டம் போட்டார். எல்லாரும் பதினொன்றேகாலுக்கு வந்தார்கள். பன்காரர் சும்மா உட்கார முடியுமா? பிரட் மாவு மிஷினை விட்டு இறங்கியதும் பன் மாவை ஏற்றிவிட்டார். பன்னிரண்டுக்கு மாவு தயார், ரெண்டேகாலுக்கெல்லாம் தட்டுகளில் பன் கும்மென்று பொங்கி நின்றது. அடுப்பு கிடைப்பதோ மூன்றே முக்காலுக்கு. நடுவில் ஒன்றரை மணி நேரம், மதுரைச் சித்திரை ராத்திரிப் புழுக்கம். மாவுக்கு யார் சொல்லிப் புரியவைப்பது? பொங்கிக்கொண்டே போனது. விரலால் தொட்டால் குழி நிரம்பவில்லை, அப்படியே உட்கார்ந்தது. வெந்து வந்த பன் அப்பளத்துக்கு அண்ணன் மாதிரி இருந்தது, வாயில் வைத்தால் புளிப்பு. மாஸ்டர் ஒரு தட்டை எடுத்து முதலாளி மேஜையில் வைத்தார். "சமத்துவம்ணே, சாப்பிடுங்க."

அதே சித்திரையில் வேறொருவராக இருந்தால், மாவு சீக்கிரம் பொங்குகிறது, நேரத்தை மாற்றுவோம் என்பார். மாஸ்டர் நேரத்தில் கை வைக்க மாட்டார், தண்ணீரில்தான் கை வைப்பார். வெயில் காலத்தில் பிசைகிற தண்ணீரில் ஐஸ் கட்டி, ஈஸ்ட்டில் கொஞ்சம் குறைப்பு. மார்கழியில் வெதுவெதுப்பான தண்ணீர். வருடம் முழுக்க மாவு ஒரே நேரத்தில் பொங்கும். வானிலையை வாளியில் திருத்துகிறவர்.

லீவு கேட்பதுதான் இவரிடம் பெரிய சிக்கல். "வெள்ளிக்கெழம லீவு வேணும் மாஸ்டர்" என்றால், "எந்த வெள்ளி? வியாழன் ராத்திரி ஆரம்பிக்கிற வெள்ளியா, வெள்ளி ராத்திரி ஆரம்பிக்கிற சனியா?" என்பார். தங்கச்சி கல்யாணத்துக்கு லீவு கேட்ட ஒருவன், கல்யாணம் முடிந்த மறுநாள் விடிகாலை வரை லீவு எடுத்துவிட்டு, முகூர்த்தத்துக்கு முந்தின இரவு முழுக்க மாவு பிசைந்தான்.

வெளியுலக விஷயங்களையும் இதே கணக்கில்தான் பார்ப்பார். 1919இல் பிரான்ஸ் நாட்டில் இரவு பத்து முதல் காலை நாலு வரை ரொட்டி வேலை செய்யக்கூடாது என்று சட்டமே போட்டார்கள், 1925இல் ஜெனீவாவில் சர்வதேசத் தொழிலாளர் மாநாடும் இரவு பேக்கரி வேலைக்குத் தடை கேட்டு ஓர் உடன்படிக்கை நிறைவேற்றியது என்று நான் ஒருநாள் டீயோடு எடுத்துச் சொன்னேன். தொழிலாளர் நலனில் உருகிப்போவார் என்று நினைத்தேன். அவர் கண்ணை மூடி விரல் மடக்கினார். "நாலுக்கு மாவுல கை வச்சா, பத்தே முக்காலுக்குக் கடை. டீக்குத் தொட்டுக்க எவன்ணே அது வரைக்கும் காத்திருப்பான்?" சட்டம் அதோடு தள்ளுபடி.

திருமங்கலம் பக்கம் சரக்கு போகிற வேனுக்குச் சுங்கச்சாவடி வரிசைக்காகப் பத்து நிமிடம் தனியாகப் போட்டு வைத்திருப்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்தப் பத்து நிமிடத்தை யார் கேட்டாலும் குறைக்க மாட்டார்.

போன வருடம் முதலாளி விறகடுப்பை ஓரங்கட்டி, டீசலில் ஓடும் சுழல் ஓவன் வாங்கினார். தட்டு அடுக்கிய வண்டியையே உள்ளே தள்ளிவிடலாம், நாற்பது நிமிடத்தில் சூடாகிவிடும். முதலாளி சந்தோஷமாக, "இனிமே ரெண்டு மணி நேரம் மிச்சம்யா. எல்லாரும் ஒன்னேகாலுக்கு வந்தாப் போதும்" என்றார். பையன்கள் கைதட்டினார்கள். மாஸ்டர் மட்டும் சிட்டையை எடுத்தார்.

"அண்ணே, ஓவன் ரெண்டே முக்காலுக்குச் சூடா நிக்கணும், அவ்வளவுதான? ரெண்டு மணிக்குப் போட்டுவிட்டாப் போதும். அடுப்புக்காரனுக்கு ரெண்டு மணி நேரத் தூக்கம் லாபம். ஆனா மாவுக்கு நீங்க ஓவன் வாங்குனது தெரியாதே. அது எப்பவும் போல மூன்றரை மணி நேரம் எடுக்கும். பதினொன்னேகால் பதினொன்னேகால்தான்."

முதலாளிக்கு வாங்கிய கடன் கண்முன் வந்தது. இவ்வளவு பணம் போட்டும் நெருப்புப் போடுகிறவரின் தூக்கம்தான் லாபமா? ஏதாவது ஒரு பலனைக் காட்டியே ஆக வேண்டும் என்று சில நாள் யோசித்தார். ஒருநாள் இரவு பதினொரு மணிக்குக் கடைக்கு வந்து, நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து அறிவித்தார்.

"மாஸ்டர், முடிவு பண்ணிட்டேன். நாளையிலிருந்து கடை அஞ்சரைக்குத் திறக்கிறோம்."

மாஸ்டர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். வாழ்க்கையில் முதல்முறையாக.

"நாளைக்கு முடியாதுண்ணே. நாளைக்கு இப்பவே கால் மணி நேரம் லேட்டு."