தங்கள் நல்வரவை விரும்பி டேக் செய்யும்...

என் மனைவி கல்யாண மேடை அலங்காரம் செய்கிறாள். தென்னங்குருத்து, வாழைக்கன்று, சாமந்திச் சரம் என்று மதுரைப் பக்கம் ஓரளவு பேர் எடுத்திருக்கிறாள். அந்த நிறுவனத்தில் எனக்கு இரண்டு பதவிகள். ஒன்று, ஏணி பிடிப்பது. இன்னொன்று, இன்ஸ்டாகிராமில் போடுகிற படங்களுக்குக் கேப்ஷன் எழுதுவது. தமிழ் இலக்கியம் படித்தவன் என்பதால் இரண்டாவது பதவி கிடைத்தது. உயரமாக இருப்பதால் முதலாவது. சம்பளத்தில் மட்டும் பாரபட்சம் கிடையாது; இரண்டுக்கும் ஒரு வேளை காபி.

கேப்ஷன் என்றால் வர்ணனை என்றுதான் நினைத்திருந்தேன். 'மாலை வெயில் சாமந்தியில் மயங்கியபோது' என்று ஆரம்பித்தால், மனைவி பக்கத்தில் வந்து நின்று, "ஏங்க, போட்டோகிராபரை டேக் பண்ணியாச்சா?" என்பாள். வெயில் மயங்கினால் யாருக்கும் கவலையில்லை. பெயர் விட்டுப்போனால்தான் ஊர் கேட்கும். கல்யாணப் பத்திரிகையில் தாய்மாமன் பெயரை அத்தை வீட்டுக்காரருக்குக் கீழே அச்சடித்தவன் கதி என்ன ஆகும் என்பது நமக்குத் தெரியும். கேப்ஷனும் அந்தச் சாதிதான். ஒரே வித்தியாசம், பத்திரிகையில் சம்பந்தமில்லாதவர் பெயரைப் போட்டால் அவர் பெருமைப்பட்டுக்கொள்வார். இங்கே எரிச்சல்படுவார்.

எரிச்சலுக்குக் காரணம் இருக்கிறது. கேப்ஷனில் @ போட்டு ஒருவர் கணக்கைக் குறிப்பிட்டால் அவருக்கு ஓர் அறிவிப்பு போகும். படிக்கிறவர்கள் அதைத் தொட்டு அவர் பக்கத்துக்குப் போகலாம். அவ்வளவுதான். படத்தின் மேலேயே டேக் செய்தால், அவர் தடுத்து வைத்திருக்காவிட்டால், அந்தப் படம் அவருடைய பக்கத்திலேயே, அவர் டேக் செய்யப்பட்ட படங்கள் வரிசையில், போய் உட்கார்ந்துகொள்ளும். புது வாடிக்கையாளர்கள் நம்பிப் பார்ப்பது அந்த வரிசையைத்தான். சொந்தமாகப் போட்டுக்கொண்ட படத்தில் எல்லாரும் அழகுதானே. மேக்கப் கலைஞர் ஒருவரை நாம் ஒரு பூச்சட்டியின் மேல் டேக் செய்தால், மணப்பெண் முகம் தேடி அவர் பக்கத்துக்கு வருகிறவர் பூச்சட்டியைப் பார்ப்பார்.

ஆகவே எங்கள் வீட்டுச் சட்டம்: படத்தில் யாருடைய வேலை கண்ணுக்குத் தெரிகிறதோ அவருக்குத்தான் படத்தின் மேல் டேக். கூட உழைத்த மற்றவர்களுக்குக் கேப்ஷனில் ஒரு வரி. சட்டம் இயற்றியது மனைவி. நான் அரசிதழில் வெளியிடுபவன்.

போன முகூர்த்தத்தில் ஒரு வரவேற்பு. எட்டுப் படங்களைச் சேர்த்து ஒரே பதிவாகப் போட்டோம். ஒவ்வொரு படத்திலும் தனித்தனியாக டேக் செய்யலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. முதல் படத்திலேயே அத்தனை பேரையும் அப்பி, மேடை தெரியாமல் செய்துவிடுகிறார்கள். நாங்கள் முழு மேடை தெரிகிற முதல் படத்தில் போட்டோகிராபரையும் மண்டபத்தையும் மட்டும் டேக் செய்தோம். மணப்பெண் முகம் நெருக்கமாகத் தெரிகிற மூன்றாவது படத்தில் மேக்கப் கலைஞர். வாழையிலை விரித்த ஆறாவது படத்தில் சமையல்காரர். மற்ற படங்களில் யாரும் இல்லை. கேப்ஷன் இப்படி:

"மஞ்சள் சாமந்தியும் தென்னங்குருத்தும் மட்டுமே வைத்து ஒரு மாலை வரவேற்பு.
படம்: @...
மணமகள் அலங்காரம்: @...
சமையல்: @...
இடம்: @..."

வேலையை முதலில் எழுதி, பிறகு பெயர். இதில் தமிழுக்கென்றே ஒரு சௌகரியம் உண்டு. 'இன்னாரால் எடுக்கப்பட்டது' என்று வேற்றுமை உருபைக் கணக்குப் பெயரோடு ஒட்டவைத்து, நடுவில் ஓர் அடிக்கோடும் போட்டுவிட்டால், அந்த அடிக்கோடு பெயரின் பகுதியாகிவிடும். தொட்டால் வேறு எங்கேயோ போகும், அல்லது எங்கேயும் போகாது. பெயரைப் போட்டதும் ஒரு முறை தொட்டுப் பார்ப்பது நல்லது. ஒரு புள்ளி கூடினால் ஜவுளிக்கடைக்காரர் ஒருவருக்குச் சமையல் பட்டம் கிடைத்துவிடும்.

போட்டோகிராபரை முதலில் எழுதுவது மரியாதைக்காக மட்டுமல்ல. படம் அவருடையது. போடலாமா என்று கேட்டுவிட்டுத்தான் போட வேண்டும். அவர் பெயரைப் போட்டுவிட்டு, படத்தின் மேல் நம் இஷ்டத்துக்கு ஃபில்டர் ஏற்றி, பச்சை இலையை நீலமாக்கினால், அவர் வேலையைக் கெடுத்து அவர் பெயரிலேயே ஒட்டியதாகிவிடும்.

வாடிக்கையாளர் விஷயம் இதைவிட மென்மையானது. மணப்பெண்ணை டேக் செய்தால் அவளுடைய ஆயிரம் தோழிகள் பார்ப்பார்கள் என்று என் வியாபார மூளை கணக்குப் போட்டது. மகள்தான் குறுக்கே வந்தாள். "அப்பா, அவங்க அக்கவுண்ட் பூட்டி வச்சிருக்காங்க. நீங்க ஊருக்கே அவங்க பேரைக் காட்டப்போறீங்களா?" பூட்டிய கணக்கின் உள்ளே வெளியார் யாரும் பார்க்க முடியாது, ஆனால் நம் படத்தில் டேக் இருந்தால் கணக்குப் பெயர் எல்லார் கண்ணிலும் படும். முன்பின் தெரியாதவர்களிடமிருந்து பின்தொடரும் வேண்டுகோள் வர ஆரம்பிக்கும். அதனால் முன்பணம் வாங்கும் தாளிலேயே ஒரு வரி சேர்த்துவிட்டோம்: படம் போடலாமா, முகம் தெரியலாமா, பெயரோடு டேக் செய்யலாமா. மூன்றும் தனித்தனிக் கேள்விகள். 'போடலாம், முகம் வேண்டாம்' என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். வளைகாப்பு வீடுகளில் அநேகமாகப் பெயர் வேண்டாம் என்றுதான் வரும். கண்ணேறு பற்றி நான் ஏதோ பகுத்தறிவு பேசப்போய், ஏணி பிடிக்க அனுப்பப்பட்டேன்.

மண்டபக்காரர்கள் இன்னொரு ரகம். அவர்களுக்கு எல்லாப் படத்திலும் பெயர் வேண்டும். இதற்கு இடக்குறி என்று ஒன்று தனியாக இருக்கிறது. பதிவின் மேலே ஊரும் மண்டபமும் தெரியும், யாருக்கும் மணி அடிக்காது. குத்துவிளக்கை மட்டும் நெருக்கமாக எடுத்த படத்துக்கு அது போதும். ஒரே பெயரில் நாலு ஊரில் மண்டபம் இருக்கும் நாடு இது. ஊரைச் சரிபார்த்துப் போட வேண்டும்.

2021-இல் வந்த கூட்டுப் பதிவு வசதியும் உண்டு. அவர் ஏற்றுக்கொண்டால் ஒரே பதிவு இரண்டு பேர் பக்கத்திலும் தெரியும். விருப்பக்குறிகளும் கருத்துகளும் பொது. போனில் கேட்டு, அவர் சரி சொன்ன பிறகுதான் அழைப்பு அனுப்புவோம். கேட்காமல் அனுப்பினால், அவர் மறுக்கும் சங்கடத்தை நாமே அவர் தலையில் கட்டியதாகும்.

எங்கள் தொழிலில் இன்னொரு வியாதி, கல்யாணப் படங்களை மறுபதிப்புச் செய்யும் பெரிய பக்கங்கள், பட்டுப்புடவைக் கடைகள், இரண்டு நடிகைகள் என்று இருபது பேரை ஒவ்வொரு படத்திலும் டேக் செய்வது. ஒரு படத்துக்கு அதுதான் உச்சவரம்பு. வரம்பு இருந்தால் அதைத் தொட்டே தீர வேண்டும் என்று ஒரு மனித இனம். அந்தப் பக்கங்களில் பலர், தங்கள் அனுமதி கிடைத்தால்தான் டேக் தங்கள் பக்கத்தில் தெரியும்படி வைத்திருப்பார்கள். எரிச்சல் வந்தால் டேக்கை நீக்குவார்கள். அதற்கு மேலும் போனால் நம்மையே தடுத்துவிடுவார்கள். நேற்றுப் போட்ட டேக் இன்று படத்தில் இல்லையென்றால், பெரும்பாலும் அவரே கழற்றிவிட்டார் என்று பொருள். திரும்ப மாட்டக் கூடாது. நம் வேலை அவர்களுக்குப் பிடிக்குமென்று தோன்றினால், ஒரே ஒரு நல்ல படத்தோடு தனிச் செய்தி அனுப்பிக் கேட்கலாம். பதில் வராவிட்டால் அதுவே பதில்.

இவ்வளவும் கற்று, சட்டப்படி எல்லார் பெயரையும் எழுதிய பிறகு, கடைசியில் ஒரு வரி சேர்த்தேன்: 'கேப்ஷன்' என்று போட்டு, பக்கத்தில் என் கணக்கு. மனைவி ஒரு விரலால் அழித்தாள்.

"படத்துல உங்க வேலை எங்கேங்க தெரியுது?"

ஏழாவது படத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன். இடது ஓரத்தில் ஏணியைப் பிடித்தபடி ஒரு கை. கடிகாரம்கூடத் தெளிவாகத் தெரிந்தது.

"அட, இது வேறயா" என்று சொல்லி, படத்தின் இடது ஓரத்தை வெட்டிவிட்டுப் பதிவைப் போட்டாள்.