சித்திரையில் ஒரு ஸ்வெட்டர்

கோபியில் உட்கார்ந்து, அதுவும் சித்திரை வெயிலில், உல்லன் ஸ்வெட்டர் பின்னுகிறவளை ஊர் எப்படிப் பார்க்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. "பக்கத்துல திருப்பூரே இருக்குது, ஒண்ணு வாங்கிக்க மாட்டயா சாமி?" என்று அத்தை கேட்டார். திருப்பூர் எந்திரங்கள் எதை வேண்டுமானாலும் பின்னும், குரோஷாவைத் தவிர. ஒற்றைக் கொக்கி ஊசியில் கண்ணிக்குள் கண்ணி இழுக்கும் இந்த வேலைக்கு இன்னும் கைதான் வேண்டும். என் வீட்டுக்கார மாமா தாளவாடியில் முட்டைக்கோஸ் காடு குத்தகைக்குப் பிடித்திருக்கிறார். மார்கழி விடியலில் திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவும் ஏறிப் போகிறவருக்கு ஸ்வெட்டர் வேண்டாமா?

நான் எடுத்துக்கொண்டது கழுத்தில் தொடங்கிக் கீழே இறங்கும் வகை. முன்பக்கம், பின்பக்கம், கை என்று தனித்தனியாகப் பின்னி மூட்டுகிற வேலை இல்லை. கழுத்தைச் சுற்றி ஒரு வளையம் போட்டு, சுற்றுக்குச் சுற்று அகட்டிக்கொண்டே தோளை மூடுகிற வட்ட யோக்கைப் பின்னி முடித்துவிட்டு, பிறகு உடம்பு வேறு, கை வேறு என்று பாகம் பிரிக்க வேண்டும்.

என் 5 எம்.எம். ஊசியில் 10 செ.மீ. அகலத்துக்கு 15 கண்ணி, அதே உயரத்துக்கு 8 வரிசை வந்தது. தலை நுழைய 56 செ.மீ. வேண்டும், ஆகவே ஆரம்பச் சங்கிலி 84 கண்ணி. சங்கிலி இழுத்தாலும் நீளாது. அதனால் அதை மட்டும் ஒரு நம்பர் பெரிய ஊசியில் போடுவது நல்லது, இல்லாவிட்டால் காதோடு நின்றுவிடும்.

அடுத்தது அகட்டுவது. ஒரே கண்ணியில் இரண்டு போட்டால் ஒன்று கூடும். 10 செ.மீ.க்கு 8 வரிசை வரும் இந்த உயரக் கண்ணியில் சுற்றுக்கு 12 கூட்டினால் தட்டையான வட்டம் வரும். சென்னையில் 2016இல் குரோஷாப் பெண்கள் கூடி 11,000 சதுர மீட்டருக்கும் மேலான போர்வையை இணைத்துக் கின்னஸில் ஏறினார்கள். போர்வைக்குத் தட்டைதான் அழகு. தோளோ சரிவு. அதற்கு 12 போட்டால் ஓரம் கொசுவம் வைத்து அலையடிக்கும், 4 போட்டால் குழாயாகித் தோளை நெரிக்கும். நான் சுற்றுக்கு 8 வீதம் 18 சுற்றுக் கூட்டினேன். 84, 228 ஆனது, ஆழம் 22 செ.மீ.க்குக் கொஞ்சம் மேல். கூட்டும் இடத்தைச் சுற்றுக்குச் சுற்று தள்ளி வைக்க வேண்டும். நேருக்கு நேர் வைத்தால் வட்டம் எட்டு மூலையாகிவிடும்.

இந்த வகையின் சுகமே போட்டுப் பார்ப்பதுதான். இரண்டு ஊசியில் பின்னுகிறவர்களுக்கு ஒரு சுற்றின் கண்ணி மொத்தமும் திறந்து கிடக்கும், கழற்றி மாட்ட உயிர் போகும். குரோஷாவில் திறந்திருப்பது ஒரே ஒரு கண்ணி. அதில் ஊக்கைக் குத்திவிட்டு, "ஏனுங்க, கொஞ்சம் வாங்க" என்றால் போதும். வெறும் யோக்கோடு மாமா நின்றபோது சலூனில் முடிவெட்டப் பாதியில் எழுந்து வந்தவர் மாதிரி இருந்தார்.

கைக்கு 44, 44 விட்டு, மீதி 140ஐ முன்னும் பின்னுமாகப் பிரித்து, அக்குளில் ஊக்குப் போட்டுப் பார்த்தேன். "கையைத் தூக்குங்க" என்றேன். யோக் ஆழம் குறைந்தால் அக்குளை அறுக்கும். அதிகமானாலும் தொல்லைதான், கை தூக்கும்போது ஸ்வெட்டரே கூட எழுந்து வரும். எழவில்லை. ஆனால் முன்கழுத்து தொண்டையில் ஏறி முட்டியது. முன்னும் பின்னும் ஒரே உயரமாக இருந்தால் அப்படித்தான் ஆகும். பிடரிப் பக்கம் மட்டும் போய்த் திரும்பும் இரண்டு அரைவரிசை சேர்த்ததும் சரியாக உட்கார்ந்தது.

அக்குளுக்குப் பக்கத்துக்கு 8 சங்கிலி சேர்த்து உடம்பு 156 கண்ணி, அதாவது 104 செ.மீ. அளவு நாடா ஒத்துக்கொண்ட கணக்கு. ஆள்தான் ஒத்துவரவில்லை. ஊக்கைப் பார்த்ததுமே மாமா மூச்சை உள்ளே இழுத்து வயிற்றைக் காணாமல் பண்ணிவிடுகிறார். எத்தனை முறை போட்டுப் பார்த்தாலும் கல்யாணப் போட்டோவில் இருக்கிறவருக்குத்தான் சரியாக இருந்தது. அரிசிம்பருப்புச் சாதத்தில் நெய் ஊற்றிச் சாப்பிடவைத்து, ஏப்பம் வந்த கையோடு மாட்டினேன். உண்மை வெளியே வந்தது. வயிற்றுக்கு மேலேயே பக்கத்துக்கு 4 கண்ணி கூட்டி, 5 செ.மீ. வாங்கினேன்.

கை நீளத்தை நின்றபடி பார்த்தால் ஏமாந்துபோவோம். வண்டி ஹேண்டிலைப் பிடித்தால் மணிக்கட்டு வெளியே வந்துவிடும். ஆகவே ஒரு கை மட்டும் முடிந்த ஸ்வெட்டரோடு மாமாவை வாசலில் நின்ற புல்லட்டில் ஏற்றி உட்காரவைத்து, நான் கீழே குந்தி வரிசை எண்ணிக்கொண்டிருந்தேன். மத்தியானம் பன்னிரண்டு மணி. வேர்வை ஹேண்டிலில் சொட்டியது. தபால்காரர் சைக்கிளை நிறுத்தினார்.

"எங்கீங்க பயணம்?"

"தாளவாடிக்குங்க."

"இப்பவேங்களா?"

"இல்லீங்க. மார்கழிக்கு."