யார் பேசினால் அவர் முகம்?

கேள்வி: இருவர் பேசும் காட்சியில், பேசுகிறவர் முகத்தை மாற்றி மாற்றிக் காட்டினால் போதாதா? எடிட்டருக்கு எதற்கு இரண்டு நாள்?

பதில்: போதும், பார்ப்பவருக்குக் கழுத்துச் சுளுக்குப் பிடித்தால் பரவாயில்லை என்றால்!

மகள் சொல்கிறாள்: “அப்பா, நான் வேலையை விட்டுட்டேன்.” வசனம் முடிந்தபின் அப்பாவுக்கு வெட்டினால், செய்தி நமக்கு முதலில் வந்துவிடும், அவர் தாமதமாக அதிர்வார். “வேலையை” என்றதுமே அவர் முகத்துக்குப் போய்விடுங்கள். “விட்டுட்டேன்” அவர் முகத்தின் மேல் விழும். நாமும் அவரோடு சேர்ந்து கேட்போம்.

அடுத்து மௌனம். கேமரா அப்பாவிடமே நின்றால் அது அவர் விழுங்கும் கோபம். நடுவில் மகளுக்கு வெட்டினால் அதே இரண்டு விநாடி அவளுடைய பயமாகிவிடும். மௌனம் யாருடையது என்று முடிவு செய்யத்தான் அந்த இரண்டு நாள். (ஒரு நாள் டீக்கு.)

எந்த ஃபிரேமில் வெட்டுவது? ‘தி கான்வர்சேஷன்’ (1974) படத்தைத் தொகுத்த வால்டர் மர்ச், தான் வெட்ட நினைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே நடிகர் ஜீன் ஹாக்மன் கண் சிமிட்டுவதைக் கவனித்தார். ஒரு எண்ணம் முடிகிற இடம் அது. அதற்காக ஒவ்வொரு சிமிட்டலுக்கும் வெட்டினால், தூசி விழுந்த நடிகர் உங்களைக் கவிழ்த்துவிடுவார்.

சோதனை வேண்டுமா? ஒலியை நிறுத்திவிட்டுப் பாருங்கள். வெட்டுகளை வைத்தே யார் எப்போது பேசுகிறார் என்று பிசகாமல் சொல்ல முடிந்தால், திரும்ப உட்காருங்கள். ஆனால் அப்பா கேட்டுக்கொண்டிருப்பதைப் படமே பிடிக்கவில்லை என்றால், திட்ட வேண்டியது இயக்குநரை!