ஏகாதசியும் முக்கோணவியலும்

கேள்வி: ஸ்ரீரங்கத்தில் பத்தாம் வகுப்பு ஆசிரியை நான். வகுப்பு முழுவதற்கும் ஒரே திருப்புதல் அட்டவணை போட வேண்டும். எங்கே தொடங்குவது?

பதில்: வைகுண்ட ஏகாதசியில் தொடங்குங்கள்! பகல்பத்து, இராப்பத்து நாட்களில் ஊரே கோயிலில் இருக்கும்போது முக்கோணவியல் மட்டும் வீட்டில் உட்காராது. அந்த நாட்களையும் பொங்கலையும் அடித்துவிட்டு, தேர்வு நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். எந்தப் பாடத்தையும் ஒரே வாரத்தில் முடித்து மூடிவிடாதீர்கள். திங்களன்று முக்கோணவியல் நடத்தினால் வியாழனன்று ஐந்து கணக்கு, அடுத்த வாரம் மூன்று, ஒரு மாதம் கழித்து இரண்டு. எல்லாமே புத்தகத்தைத் திறக்காமல். சனிக்கிழமையைக் காலியாக விடுங்கள்; காய்ச்சலில் படுத்த பிள்ளை அன்று வகுப்பை எட்டிப் பிடிக்கும். சனிக்கிழமையும் போதாமல் பாதி வகுப்பு பின்தங்கினால், பிள்ளைகளை அல்ல, அட்டவணையைத் திருத்துங்கள்.