கடைசித் திகதி ஐயா

மாத்தளையில் மிளகும் கராம்பும் வாங்கி ஏற்றுமதிக்கு அனுப்புகிற களஞ்சியங்களில் இவரைப் பார்க்கலாம். காதில் பேனை, கையில் ரப்பர் முத்திரை, பின்னால் லொறி வந்து நிற்கிற மேடை. ஆண்டு முழுவதும் இவரை ஒருவரும் பொருட்படுத்துவதில்லை. பங்குனி பிறந்ததும் ஸ்டோர் கீப்பர் மந்திரியாகிவிடுகிறார்.

ஊரார் கலண்டரில் சிவப்பு எழுத்தைத் தேடும்போது இவர் அதற்கு முந்திய கறுப்பு எழுத்தைத் தேடுவார். 2025ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் 12 சனி, போயா. 13, 14 புத்தாண்டு. அப்படியானால் 11 வெள்ளி வரை சரக்கு எடுப்பார்கள் என்றுதானே நினைப்பீர்கள்? ஐயா சிரிப்பார். வெள்ளி மத்தியானமே சாக்குத் தூக்குகிற நாட்டாமிமார் ஊர் பஸ்ஸில் ஏறிவிடுவார்கள். அன்றே காசோலை வங்கிக்குப் போகாவிட்டால் சரக்குக் கொடுத்தவர் வீட்டில் பலகாரம் இல்லை. காசோலைக்கு முன் பற்றுச்சீட்டு, அதற்கு முன் நிறுவை, அதற்கும் முன் சாக்கில் குத்தி மாதிரி எடுத்து ஈரம் பார்க்க வேண்டும். இப்படிப் பின்னோக்கி எண்ணி 9 புதனில் வந்து நிற்பார். நோட்டீஸில் போடுவதோ 8 செவ்வாய்.

சப்ளையர்கள் ஒரு நாள் பிந்துவார்கள் என்பது அவருக்குத் தெரியும். ஐயா ஒரு நாளைப் பதுக்குவார் என்பது அவர்களுக்கும் தெரியும். விளைவு, எல்லாரும் 10ஆம் திகதி பின்னேரம் ஒன்றாக வந்து ஹோர்ன் அடிப்பார்கள்.

“ஐயா, இருபது சாக்குத்தானே. ரத்தோட்டையிலிருந்து மழையில வந்தோம்.”

“நோட்டீஸ் பார்க்கலியா தம்பி?”

“பார்த்துத்தான் ஐயா இன்றைக்கு வந்தோம்.”

அந்த மழைதான் வில்லன். சித்திரை மாதத்துப் பின்னேர இடிமழையில் தார்ப்பாய் போட்டும் ஓரத்துச் சாக்கு நனையும். அவருடைய கணக்கு 12 சதவீத ஈரம். மீற்றர் 15 காட்டும். காயப்போட ஆளுமில்லை, வெயிலுமில்லை. இரக்கப்பட்டு அடுக்கிப் பூட்டினால், லீவு முடிந்து கதவைத் திறக்கும்போது பூஞ்சண வாடை முதலில் வெளியே வரும். பக்கத்திலிருந்த காய்ந்த சாக்கையும் அது விட்டுவைத்திருக்காது. அப்போது முதலாளி லொறிக்காரரைத் தேடமாட்டார்.

மாசி மகத்தன்று முத்துமாரியம்மன் தேர்கள் வீதிக்கு வரும்போதும் இதே நோட்டீஸ்தான், திகதி மட்டும் வேறு. ஆனால் அன்றைக்கு ஒருவரும் வாதாடுவதில்லை. தேருக்கு முன்னால் லொறியை விட யாருக்கும் துணிவில்லை.

மிளகு அனுப்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அவர் எழுதிய திகதியை நம்பி, அன்று காலையிலேயே போய்ச் சேருங்கள். மத்தியானத்துக்குப் பிறகு மழை வரும், கியூவும் வரும்.