கறியைக் குறைக்கலாம், கணக்கைக் குறைக்கக் கூடாது

கேள்வி: என் எடை 70 கிலோ. வாரத்தில் நாலு நாள் ஜிம். தினமும் கால் கிலோ சிக்கன், மூன்று முட்டை சாப்பிட்டு வந்தேன். தாவர உணவுக்கு மாறலாமென்று சிக்கனை நிறுத்தி, சாம்பார் சாதத்துக்கு வந்துவிட்டேன். பத்தே நாளில் சோர்வு. எனக்கு இது ஒத்துக்கொள்ளாதோ? (மதுரை வாசகர்)

பதில்: சிக்கன் எழுந்து போன நாற்காலியில் சோறு வந்து உட்கார்ந்துவிட்டது, அதுதான் சங்கதி. எடை தூக்கிப் பயிற்சி செய்யும் உங்களுக்கு ஒரு நாளைக்கு 100 கிராமுக்குக் குறையாமல் புரதம் வேண்டும். எலும்பில்லாத கால் கிலோ சிக்கன் அதில் ஏறக்குறைய 55 கிராமைத் தந்துகொண்டிருந்தது. ஒரு கரண்டி சாம்பாரில் மூன்று நான்கு கிராம் தேறினாலே அதிகம். முதலில் மாற்று வரட்டும், பிறகு கறி போகட்டும்.

கேள்வி: சரி, எந்த வரிசையில் மாறுவது? (அதே வாசகர், மறுகடிதம்)

பதில்: இரண்டு மாதம் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் இரண்டு வாரம் கறியைத் தொடவே வேண்டாம். அது பாட்டுக்கு இருக்கட்டும். மாலை பஜ்ஜிக்குப் பதிலாகச் சுண்டல் மட்டும் சேருங்கள். 50 கிராம் கொண்டைக்கடலையை ஊறவைத்து அவித்தால் 10 கிராம் புரதம். வயிறு பருப்புக்குப் பழகுவதற்கான காலம் இது.

மூன்றாம் வாரம் முதல் ஐந்தாம் வாரம் வரை, வாரத்தில் மூன்று நாள் மட்டும் சிக்கனுக்கு விடுமுறை. அன்றைக்கு மதியம் 50 கிராம் மீல்மேக்கர் (26 கிராம் புரதம்), 50 கிராம் துவரம்பருப்பில் கெட்டியாகக் கடைந்த பருப்பு (11 கிராம்), ஒரு பெரிய கிண்ணம் தயிர் (6 கிராம்). மாலைச் சுண்டலையும் கூட்டினால் 53. சிக்கன் விட்டுப்போன இடம் கிட்டத்தட்ட நிரம்பிவிட்டது. மூன்று முட்டையும் பாலும் வழக்கம்போலத் தொடரட்டும்.

ஆறாம் வாரத்திலிருந்து ஐந்து நாள் இப்படி. மீதி இரண்டு நாள் மீனோ கோழியோ உங்கள் விருப்பம்.

கேள்வி: மீல்மேக்கர் ரப்பர் மாதிரி இருக்கிறதே? (சேலம் வாசகி)

பதில்: கொதிநீரில் பத்து நிமிடம் போட்டு, குளிர்ந்த நீரில் அலசி, கையால் நன்றாகப் பிழிந்துவிடுங்கள். பச்சை வாடை அந்தத் தண்ணீரோடு போய்விடும். பிழியாமல் போட்டால் மசாலா உள்ளே இறங்க இடமிருக்காது. பிறகு சிக்கனுக்கு அரைக்கும் அதே மிளகு, சோம்பு, சின்ன வெங்காயத்தில் சுக்காவாக வறுத்துப் பாருங்கள், தட்டு காலியாகும். பிடிக்கவே இல்லையென்றால் 150 கிராம் பனீர் ஏறக்குறைய அதே புரதத்தைத் தரும். கொழுப்பு மட்டும் கூடும்.

கேள்வி: சுண்டல் தின்ற நாளில் வயிறு உப்பி, ஜிம்மில் குனியவே கூச்சமாக இருக்கிறது. (திருச்சி வாசகர்)

பதில்: கடலையில் உள்ள சில சர்க்கரைகளை நம் குடல் செரிக்காது, அங்குள்ள நுண்ணுயிர்கள் அவற்றைப் பிடித்துக்கொண்டு வாயுவாக்கிவிடும். கடலையை இரவு முழுக்க ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் நசுக்கினால் மசியும் அளவுக்கு வேகவிடுங்கள். அப்படியும் உப்பினால் சில நாள் பாசிப்பயறுக்கு மாறி, கடலைக்கு மெதுவாகத் திரும்புங்கள். பயிற்சிக்கு முந்தைய இரண்டு மணி நேரத்தில் சுண்டல் வேண்டாம், வாழைப்பழம் போதும்.

கேள்வி: மாற்றம் சரியாகப் போகிறதா என்று எப்படித் தெரியும்? (கோவை வாசகர்)

பதில்: ஜிம் நோட்டுதான் சாட்சி. வழக்கமாகத் தூக்கும் எடையில் இரண்டு வாரம் தொடர்ந்து எண்ணிக்கை குறைந்தாலோ, நினைக்காமலே உடல் எடை இறங்கினாலோ, சாப்பாடு போதவில்லை. தாவர உணவில் நார்ச்சத்தும் நீரும் அதிகம். வயிறு நிறையும், கலோரி நிறையாது. ஒரு கைப்பிடி வேர்க்கடலையும் பருப்பின் மேல் ஒரு ஸ்பூன் நல்லெண்ணெயும் சேர்த்தால் அந்தக் குறை தீரும். அது சரியாக இருந்தும் சோர்வு போகவில்லையென்றால், இரும்புச்சத்தையும் பி12-ஐயும் இரத்தப் பரிசோதனையில் பாருங்கள். பருப்பிலுள்ள இரும்பை உடல் ஏற்க எலுமிச்சை உதவும், டீ தடுக்கும். சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து டீ குடியுங்கள். பி12 செடிகொடியில் கிடைக்காது. முட்டை, பால், மீன் எல்லாவற்றையும் விட்டுவிடுகிறவர்களுக்கு மாத்திரை கட்டாயம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், புரதத்தின் அளவை மருத்துவரைக் கேட்டே முடிவு செய்ய வேண்டும்.

கேள்வி: ஞாயிற்றுக்கிழமை பிரியாணியையும் விட வேண்டுமா? (ஆம்பூர் வாசகர்)

பதில்: ஆம்பூரிலிருந்து இப்படிக் கேட்கலாமா! வாரத்தில் கறிக்கென்று விட்ட அந்த இரண்டு நாளில் ஒன்றை ஞாயிறுக்கு எழுதிவையுங்கள். திங்கள் காலை கடலையை ஊறவைக்க மறக்காதீர்கள்.