தூங்காத மூன்று கிலோவாட்

ஒரகடத்தில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் பராமரிப்புப் பிரிவு வேலை எனக்கு. ஆயுத பூஜை விடுமுறையில் ஊரே பொரி தின்றுகொண்டிருக்க, நான் மட்டும் ஆளில்லாத ஷெட்டில் ஏர் கம்ப்ரசர் பக்கத்தில் ஸ்டாப்வாட்ச்சோடு நிற்பேன். ஒரு மெஷினும் ஓடாதபோது கம்ப்ரசருக்கு வேலையே இருக்கக் கூடாது. ஆனாலும் இரண்டு நிமிடம் உறுமும், நான்கு நிமிடம் சும்மா சுற்றும், மறுபடி உறுமும். ஆறு நிமிடத்தில் இரண்டு என்றால், அது தயாரிக்கும் காற்றில் மூன்றில் ஒரு பங்கு எங்கோ ஓட்டைகளில் போகிறது என்று அர்த்தம். இதைக் கண்டுபிடித்ததற்காக எனக்கு ஒரு முறை எவர்சில்வர் டிபன் கேரியர் பரிசு கொடுத்தார்கள். வீட்டில் என் தொழில்திறமைக்கு இருக்கும் ஒரே சாட்சி அதுதான்.

அந்த கேரியரை நம்பித்தான் எங்கள் அடுக்குமாடிச் சங்கம் என்னைப் பொருளாளர் ஆக்கியது. காரணம், பொது இணைப்பின் கரண்ட் பில். லிஃப்ட், மாடிப்படி விளக்கு, மோட்டார் எல்லாம் சேர்ந்த இந்த இணைப்புக்கு 2022 செப்டம்பரில் மின்வாரியம் தனி வகை வைத்து யூனிட்டுக்கு 8 ரூபாய் ஆக்கியது. வீட்டு இணைப்புக்குக் கிடைக்கும் 100 யூனிட் இலவசம் இதற்குக் கிடையாது. விலை அதற்குப் பிறகும் ஏறியது. எனக்குக் கணக்கு சுலபமாக வரவேண்டும் என்பதால் 8-லேயே நிறுத்திக்கொள்கிறேன்.

சென்னை தி.நகரில் வாரியமே ஒரு லட்சத்துக்கும் மேல் ஸ்மார்ட் மீட்டர் மாட்டியிருக்கிறது. எங்கள் வளாகத்தில் வாரிய மீட்டர் இரண்டு மாதத்துக்கு ஒரு முறைதான் வாய் திறக்கும். அதனால் அதற்கு அடுத்தபடியாக நாங்களே ஒரு ஸ்மார்ட் மீட்டரை மாட்டினோம். அரைமணிக்கு ஒரு தடவை எத்தனை யூனிட் என்று எழுதிவைக்கும். நாளைக்கு 48 எண்கள். அந்த எண்களை எக்ஸெல்லில் கொட்டி, கலர் கலராகக் கோடு போட்டு, இரவெல்லாம் அதன் முன்னால் உட்கார்ந்தேன். "என்னங்க, லேப்டாப்பும் கரண்ட்லதானே ஓடுது?" என்றாள் மனைவி. பதில் சொல்லக்கூடிய கேள்வியாக அது இல்லை.

தேட வேண்டியது இரவின் அடிமட்டத்தை. எல்லோரும் தூங்கும் நேரத்தில் கட்டடம் எவ்வளவு குடிக்கிறதோ, அதைத்தான் பகலிலும், தீபாவளியிலும், நாம் ஊருக்குப் போயிருக்கும்போதும் குடிக்கிறது. சிக்கல் என்னவென்றால், நாங்கள் இருக்கும் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் எல்லோரும் தூங்கும் நேரம் என்று ஒன்று கிடையாது. பி ஷிஃப்ட் முடித்தவர்கள் நள்ளிரவு தாண்டி கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கி லிஃப்ட் ஏறுவார்கள். ஏ ஷிஃப்ட் ஆட்கள் விடியுமுன் எழுந்து தண்ணீர் திறப்பார்கள். நடுவில் 2 முதல் 3.30 வரைதான் கட்டடம் கண்ணயர்கிறது. ஒவ்வொரு இரவிலும் அந்த நேரத்தின் மிகக் குறைந்த எண்ணை எடுத்து, பல இரவுகளை வரிசைப்படுத்தி, நடுவில் நிற்பதைப் பார்க்க வேண்டும். ஓர் இரவு சுத்தமான பூஜ்யம் வந்தது. சிக்கனத்தின் உச்சம் என்று சங்கத்தின் வாட்ஸப் குழுவில் அறிவித்தேன். அன்று பவர் கட் என்று குழுவில் இருந்த அத்தனை பேரும் தெரிவித்தார்கள். ஜெனரேட்டர் யூனிட் தனிக் கணக்கில் ஏறுவதால், அந்தப் பூஜ்யங்களை முதலிலேயே தூக்கிவிட வேண்டும்.

மிஞ்சியது அரைமணிக்கு 1.5 யூனிட். அதாவது ஓயாத 3 கிலோவாட். வருடத்தின் 8,760 மணி நேரத்தால் பெருக்கினால் 26,280 யூனிட், இரண்டு லட்சத்துப் பத்தாயிரம் ரூபாய்.

இதில் எல்லாமே வீண் இல்லை. இங்கே செயின்ட் கோபைன் கண்ணாடி ஆலை 2000-த்திலிருந்து ஓடுகிறது. அந்த மாதிரி உலையை ராத்திரி அணைத்துவிட்டுக் காலையில் மூட்ட முடியாது, உள்ளே உருகிய கண்ணாடி உறைந்துவிடும். எங்கள் உலை, கழிவுநீர் சுத்திகரிப்பின் ஏர் ப்ளோயர். 1.1 கிலோவாட். "ராத்திரி அதை ஆஃப் பண்ணிடலாமே" என்றார் செயலாளர். காற்று இல்லாமல் பாக்டீரியா செத்தால் மறுநாள் கட்டடமே மூக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கும் என்று சொன்னேன். விளக்குகளுக்கு 0.4, இரண்டு லிஃப்ட்டும் சும்மா நிற்பதற்கு 0.3, கேமராக்களுக்கு 0.2, வாட்ச்மேன் அறைக்கு 0.1. எல்லாம் சேர்த்து 2.1. மீதி 0.9 கிலோவாட்டுக்கு ஆள் இல்லை. ஆள் இல்லாத அதற்கு மட்டும் வருடம் 63,000 ரூபாய்.

ராத்திரி இரண்டு மணிக்கு டார்ச்சோடு மீட்டர் அறைக்குப் போனேன். "சார், வீட்ல ஏதாவது சண்டையா?" என்று வாட்ச்மேன் அண்ணன் இடம் கொடுத்தார். எம்.சி.பி.க்களை ஒவ்வொன்றாக இறக்கிப் பார்ப்பதுதான் வழி. லிஃப்ட்டுடையதை மட்டும் தொடக் கூடாது, உள்ளே யாராவது இருப்பார்கள். ஒன்றை இறக்கியதும் 0.4 குறைந்தது. ஜெனரேட்டர் ஷெட்டுக்குப் பின்னால் சோக் வைத்த பழைய எட்டு டியூப்லைட்டுகள், இரவும் பகலும் ஒரு சுவருக்கு வெளிச்சம் காட்டிக்கொண்டிருந்தன. அவற்றின் சுவிட்ச் லிஃப்ட் அறையில் இருந்தது. வைத்தவரின் மனம் அறிய முடியாதது.

மீதி 0.5 பிடிபடவே இல்லை. கோடு தட்டையாக இருந்ததால், ஓயாமல் எரியும் ஏதோ ஒன்று என்றே தேடினேன். அரைமணி எண்ணின் குறையே அதுதான்: நடுவில் ஏறி இறங்கியதையெல்லாம் அது பூசி மெழுகிவிடும். அதற்கு மருந்து மீட்டரின் முகத்திலேயே இருக்கிறது. அங்கே சிமிட்டும் சிவப்பு விளக்கு, எங்கள் மீட்டரில் யூனிட்டுக்கு 800 தடவை சிமிட்டும். 3,600-ஐ அந்த 800-ஆலும், இரண்டு சிமிட்டலுக்கு நடுவே உள்ள விநாடிகளாலும் வகுத்தால் அந்த நிமிடத்தின் கிலோவாட். ஒன்றரை விநாடி என்றால் 3. ஆனால் விளக்கு ஒன்றரை விநாடியில் சிமிட்டவே இல்லை. பத்து நிமிடம் 1.8 விநாடி, அதாவது 2.5 கிலோவாட். பிறகு ஐந்து நிமிடம் 1.1 விநாடி, ஏறக்குறைய 4. பிறகு மறுபடி மெதுவாக. 1.5 கிலோவாட்டுக்கு ஏதோ ஒன்று கால் மணிக்கு ஐந்து நிமிடம் ஓடுகிறது. ஓய்ந்திருக்க வேண்டிய நேரத்தில் உறுமுகிறது, நிற்கிறது, உறுமுகிறது. டிபன் கேரியர் வாங்கிய எனக்கே இதைப் புரிந்துகொள்ள இன்னும் கொஞ்ச நேரம் ஆனது.

மேல்மாடிகளுக்கான பிரஷர் பம்ப். யாரும் குழாய் திறக்காதபோதும் அழுத்தம் இறங்குகிறது, பம்ப் எழுந்து ஏற்றுகிறது. காலையில் இந்தக் கண்டுபிடிப்பை மனைவியிடம் விளக்கினேன். "அந்த மோட்டார் ராத்திரி பூரா கத்துதுன்னு நான் சொல்லிக்கிட்டேதானே இருக்கேன்? நீங்கதான் கோடு போட்டுக்கிட்டு இருந்தீங்க" என்றாள்.

தண்ணீர் எங்கே போகிறது என்று பார்க்க, பம்ப்புக்கு அடுத்த வால்வை மூடினோம். மூடிய பிறகும் பம்ப் எழுந்திருந்தால், ஒருவழி வால்வு தேய்ந்து தண்ணீர் திரும்பத் தொட்டிக்கே இறங்குகிறது என்று பொருள். பம்ப் எழவில்லை. ஆக, ஒழுகல் வீடுகளுக்குள்தான். டியூப்லைட்டைக் கழற்றுவது எனக்கு எளிது. மேல்மாடிக்காரர்களிடம் போய் உங்கள் ஃப்ளஷ் ஒழுகுகிறது என்று சொல்வதற்கு எந்தத் தொழிற்சாலையிலும் பயிற்சி தருவதில்லை.

ஆகவே மேல்மாடி அன்பர்களே, நோட்டீஸ் போர்டில் ஒட்டியதையே இங்கும் சொல்கிறேன். படுக்கப் போகும்போது ஃப்ளஷ் தொட்டியில் கொஞ்சம் சொட்டு நீலம் விடுங்கள். கால் மணி நேரம் யாரும் ஃப்ளஷ் பண்ணாமல் இருந்து பாருங்கள். கீழே பீங்கானில் நீலம் தெரிந்தால் வாஷரை மாற்றுங்கள். கீழ்மாடிக்காரர்கள் சிரிக்க வேண்டாம்: உங்கள் வீட்டில் ஓயாமல் 70 வாட் ஓடினால் போதும், இரண்டு மாத இலவச 100 யூனிட்டும் அதற்கே சரியாகப் போய்விடும். இரவு 11-க்கும் காலை 5-க்கும் மீட்டரைப் பார்த்து எழுதுங்கள், வித்தியாசத்தை ஆறால் வகுங்கள், அந்த இரவின் சராசரி கிலோவாட் கிடைக்கும். அதற்கு ஸ்மார்ட் மீட்டரும் வேண்டாம், பொருளாளரும் வேண்டாம்.